எதை மறுத்தீர்கள்? உரிமையியல் வழக்கில் உரைகளும் எழுவினாக்களும்

உரிமையியல் வழக்கில் உண்மையைத் தேடி நீதிபதி தானாகப் புறப்படுவதில்லை. வாதி ஒன்றைச் சொல்ல வேண்டும், பிரதிவாதி அதை மறுக்க வேண்டும். சொன்னதும் மறுத்ததும் மோதும் இடங்களை மட்டுமே நீதிமன்றம் கேள்விகளாக எழுதிக்கொண்டு விசாரிக்கிறது. அந்தக் கேள்விகளுக்குத்தான் எழுவினாக்கள் என்று பெயர். வழக்கு எதைப் பற்றியது என்பதைச் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு வெகு முன்பே இரண்டு தாள்கட்டுகள் முடிவு செய்துவிடுகின்றன. ஒன்று வாதியின் வழக்குரை. ஊர்ப் பேச்சில் அது பிராது. மற்றொன்று பிரதிவாதியின் எதிருரை.

இந்தியாவில் இதற்கான விதிகள் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளன. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டளைகளாகவும் அவற்றின்கீழ் விதிகளாகவும் பிரிந்திருக்கிறது. கட்டளை 6 இரு தரப்பு உரைகளுக்கும் பொதுவானது. கட்டளை 7 வழக்குரைக்கும், கட்டளை 8 எதிருரைக்கும், கட்டளை 14 எழுவினாக்களுக்கும் உரியவை. விதிகளை வரிசையாக ஒப்பிப்பதைவிட, தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் அன்றாடம் வரும் ஒரு வகை வழக்கை எடுத்துக்கொண்டு அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது எளிது. கீழே வருவது விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட ஒரு புரோநோட்டு வழக்கு.

வழக்கின் கதை

வாதி அரிசி மண்டி வைத்திருப்பவர். பிரதிவாதி மளிகைக் கடைக்காரர். 10.6.2022 அன்று பிரதிவாதி தன்னிடம் 3,00,000 ரூபாய் கடன் வாங்கி, கேட்கும்போது ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தருவதாகப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார் என்கிறார் வாதி. 5.3.2024 அன்று வட்டிக் கணக்கில் 20,000 ரூபாய் கொடுத்து, நோட்டின் பின்புறம் வரவு எழுதிப் பிரதிவாதி கையொப்பமிட்டார் என்றும் சொல்கிறார். அதன்பின் பணம் வரவில்லை. 10.9.2025 அன்று வழக்குத் தாக்கலாகிறது. 39 மாத வட்டி 1,17,000 ரூபாய். அதில் 20,000 கழிந்தால் 97,000. அசலோடு சேர்த்து வாதி கேட்பது 3,97,000 ரூபாய்.

இந்தத் தேதிகளுக்குள் ஓர் ஆபத்து இருக்கிறது. கேட்கும்போது தரவேண்டிய புரோநோட்டுக்கு, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, நோட்டின் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்ட நாள் இங்கே கணக்கில் வராது. அப்படியானால் 10.6.2025-உடன் கெடு முடிந்துவிட்டது. வழக்கு வந்ததோ அதற்கு மூன்று மாதம் கழித்து. வாதியைக் காப்பாற்றக்கூடியது அந்தப் பின்புற வரவு ஒன்றுதான். கெடு முடிவதற்குள் கடனாளி கடனிலோ வட்டியிலோ ஒரு பகுதியைச் செலுத்தி, செலுத்தியதற்கான குறிப்பு அவருடைய கையெழுத்திலோ அவர் ஒப்பமிட்டோ இருந்தால், செலுத்திய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும் என்கிறது அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் தானே எழுதித் தானே ஒப்பமிட்டுக்கொண்ட வரவுக்கு அந்தப் பலன் இல்லை.

முதல் படி: வழக்குரை

உரையில் இருக்க வேண்டியவை முக்கியச் சங்கதிகள். அவற்றை நிரூபிக்கப்போகும் சாட்சியத்தை அங்கே எழுதக் கூடாது. கட்டளை 6 விதி 2 சொல்வது இதுதான். புதியவர்கள் தடுமாறும் முதல் இடமும் இதுவே. எந்தச் சங்கதி இல்லாவிட்டால் வாதிக்கு வழக்குப் போடும் உரிமையே இல்லாமல் போகுமோ அது முக்கியச் சங்கதி. நம் வழக்கில் கடன் கொடுத்தது, நோட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது, வட்டி விகிதம், பகுதித் தொகை செலுத்தி வரவில் ஒப்பமிட்டது, மீதி நிற்பது ஆகியவை அந்த வகை. நோட்டை எழுதியவர் யார், அருகில் நின்றவர் யார், பணத்தை வங்கியிலிருந்து எப்போது எடுத்தார் என்பவை சாட்சியம். அவை விசாரணையின்போது வரட்டும். ஒவ்வொரு சங்கதியும் எண்ணிட்ட தனிப் பத்தியில் இருக்க வேண்டும். தேதியும் தொகையும் இலக்கத்திலும் எழுத்திலும் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு பத்தி பத்தியாகப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இந்த ஒழுங்கு.

கட்டளை 7 விதி 1 வழக்குரையில் இடம்பெற வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. நீதிமன்றத்தின் பெயர், தரப்பினரின் பெயரும் முகவரியும், வழக்குமூலம் எப்போது எப்படி எழுந்தது, இந்த நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் எப்படி வருகிறது, வழக்கின் மதிப்பு, கேட்கும் பரிகாரம் ஆகியவை அதில் முக்கியமானவை. கடைசியில் வாதி ஒப்பமிட்டு, எந்தெந்தப் பத்திகள் தானே அறிந்தவை, எவை பிறர் சொல்லக் கேட்டு உண்மையென்று நம்புபவை என்று பிரித்துச் சரிபார்ப்பு எழுதுகிறார்.

நம் வழக்குக்கு இவற்றைவிட முக்கியமானது விதி 6. சாதாரணக் கெடு முடிந்தபின் வழக்குப் போடுபவர், எந்த அடிப்படையில் அது இன்னும் காலத்துக்குள் இருக்கிறது என்பதை வழக்குரையிலேயே காட்ட வேண்டும். வாதி பின்புற வரவைச் சொல்லாமல் நோட்டை மட்டும் சொல்லியிருந்தால், வழக்குரையைப் படித்த மாத்திரத்திலேயே அது காலம் கடந்தது என்று தெரிந்துவிடும். கட்டளை 7 விதி 11-இன்கீழ் அதை நிராகரிக்கும்படி பிரதிவாதி கேட்கலாம். அவர் கேட்காவிட்டாலும் பிரச்சினை தீராது. காலவரையறைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, எதிர்த்தரப்பு எழுப்பாவிட்டாலும் காலம் கடந்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். ஆகவே நம் வாதி வரவை ஐந்தாம் பத்தியில் தனியாகவே எழுதுகிறார்: 5.3.2024 அன்று வாதியின் மண்டியில் வைத்துப் பிரதிவாதி 20,000 ரூபாய் செலுத்தி, நோட்டின் பின்புறம் அதற்கான குறிப்பில் கையொப்பமிட்டார்.

இரண்டாம் படி: எதிருரை

அழைப்பாணை கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை தாக்கலாக வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். சாதாரண வழக்குகளில் இந்த உச்சவரம்பு அசைக்க முடியாததல்ல என்று கைலாஷ் எதிர் நன்கு வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதிவிலக்கான காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். வணிக வழக்குகளில் நிலைமை வேறு. அங்கே 120 நாள் தாண்டினால் எதிருரை தரும் உரிமையே போய்விடும்.

எதிருரையின் உயிர் மறுப்பு. அது எப்படி இருக்க வேண்டும் என்பதை கட்டளை 8-இன் மூன்று விதிகள் அடுத்தடுத்துச் சொல்கின்றன. விதி 3-இன்படி பொத்தாம் பொதுவான மறுப்பு போதாது. ஒப்புக்கொள்ளாத ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். விதி 4-இன்படி மறுப்பு நழுவலாக இருக்கக் கூடாது. விதி 5-இன்படி, குறிப்பாகவோ தவிர்க்க முடியாத உட்பொருளாகவோ மறுக்கப்படாததும், ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லப்படாததுமான சங்கதி, ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். இளவர் போன்ற சட்ட இயலாமை உடையவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இந்த மூன்று விதிகளையும் ஒரே தொகுதியாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை 1964-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் பதிவான பதத் அன்ட் கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

நழுவல் என்றால் என்ன என்பதற்கு நம் வழக்கின் ஐந்தாம் பத்தியே போதும். பிரதிவாதி இப்படிப் பதில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “5.3.2024 அன்று வாதியின் மண்டியில் வைத்து இந்தப் பிரதிவாதி 20,000 ரூபாய் செலுத்தினார் என்பது உண்மையல்ல.” கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் 19,000 ரூபாய் செலுத்தியிருந்தாலும் இந்த வாக்கியம் உண்மை. மறுநாள் செலுத்தியிருந்தாலும் உண்மை. மண்டியில் அல்லாமல் தன் கடையில் வைத்துச் செலுத்தியிருந்தாலும் உண்மை. பல சூழல்களோடு சேர்த்துச் சொன்ன ஒரு சங்கதியை அந்தச் சூழல்களோடு சேர்த்தே மறுத்தால் போதாது என்று விதி 4 சொல்வது இதனால்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பின்புறக் கையொப்பத்தைப் பற்றி அந்த வாக்கியம் வாயே திறக்கவில்லை என்பது.

தேர்ந்த எதிருரை இப்படி இருக்கும்: “5.3.2024 அன்றோ வேறு எந்த நாளிலோ, 20,000 ரூபாயையோ அதில் எந்தப் பகுதியையோ இந்தப் பிரதிவாதி செலுத்தவில்லை. நோட்டின் பின்புறம் காணப்படும் கையொப்பம் இந்தப் பிரதிவாதியுடையதல்ல. ஆகவே வழக்குக் காலம் கடந்தது.” நாள், தொகை, கையொப்பம் மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது.

வெறும் மறுப்போடு எதிருரை முடிவதில்லை. தன் பக்கத்துக் கதை ஏதாவது இருந்தால் பிரதிவாதி அதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். மோசடி, கடன் தீர்த்தது, காலம் கடந்தது போன்ற புதுச் சங்கதிகளை வெளிப்படையாக எழுப்ப வேண்டும் என்கிறது விதி 2. நம் பிரதிவாதியின் கதை இது: நோட்டின் முன்பக்கத்துக் கையொப்பம் தன்னுடையதுதான். ஆனால் வாதி நடத்திய ஏலச்சீட்டில் 2021-இல் சீட்டு எடுத்தபோது, ஈடாக வில்லை ஒட்டிய வெற்றுப் புரோநோட்டில் ஒப்பமிட்டுக் கொடுத்தார். சீட்டுத் தவணைகளைக் கட்டி முடித்தபின் நோட்டைத் திருப்பித் தராமல், அதைப் பின்னர் நிரப்பி வாதி வழக்குப் போட்டிருக்கிறார். 3,00,000 ரூபாயோ அதில் ஒரு பகுதியோ தன் கைக்கு வரவில்லை.

மோசடி என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு நகர முடியாது. கட்டளை 6 விதி 4 அதற்கு விவரம் கேட்கிறது. எந்தச் சீட்டு, எவ்வளவு தொகை, எப்போது எடுத்தது, நோட்டை யார் முன்னிலையில் கொடுத்தது என்பவை எதிருரையில் இல்லாவிட்டால், விசாரணையின்போது திடீரென்று முளைக்கும் விவரங்களுக்கு மதிப்பு இருக்காது.

எதிருரையோடு பொதுவாக உரைகள் முடிந்துவிடுகின்றன. அதில் வரும் புதிய கதைக்குப் பதில் சொல்ல வாதி விரும்பினால், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று மறுமொழியுரை தரலாம்.

மூன்றாம் படி: எழுவினாக்கள்

ஒரு முக்கியச் சங்கதியையோ சட்டக் கருத்தையோ ஒரு தரப்பு உண்டென்று சொல்லி மறுதரப்பு இல்லையென்று மறுக்கும்போது எழுவினா பிறக்கிறது. கட்டளை 14 விதி 1 தரும் இலக்கணம் இதுதான். அப்படிப்பட்ட ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு தனி எழுவினா வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நீதிபதி இரு உரைகளையும் படித்து, தேவையானால் தரப்பினரை நேரில் கேட்டு, இருபக்க வழக்கறிஞர்களையும் கேட்டபின் இவற்றை வனைகிறார். ஆவணங்களிலிருந்தும் எழுவினா பிறக்கலாம்.

செய்முறையில் இது இரண்டு உரைகளையும் அருகருகே வைத்துப் பத்தி பத்தியாக ஒப்பிடும் வேலை. நம் வழக்கில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள் என்பதில் சண்டை இல்லை. முன்பக்கக் கையொப்பம் பிரதிவாதியுடையது என்பதிலும் சண்டை இல்லை. அவற்றுக்கு எழுவினா தேவையில்லை. பணம் கைமாறியதா, நோட்டு நிரப்பிய நிலையில் கொடுக்கப்பட்டதா வெற்றாகக் கொடுக்கப்பட்டதா, பின்புற வரவு உண்மையா என்பவற்றில்தான் மோதல். நீதிமன்றங்களில் இத்தகைய வழக்கில் பழக்கமாக எழுதும் எழுவினா ஒன்று உண்டு: “வழக்குப் புரோநோட்டு உண்மையானதா, செல்லத்தக்கதா, பிரதிபலன் உடையதா?” மூன்று கேள்விகள் ஒரே வரியில் புதைந்துவிடுகின்றன. யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பது அதில் தெரியாது. நம் வழக்குக்கு எழுவினாக்கள் இப்படி அமைந்தால் தெளிவாக இருக்கும்:

1. ஏலச்சீட்டுக்கு ஈடாகப் பிரதிவாதி ஒப்பமிட்டுக் கொடுத்த வெற்றுப் புரோநோட்டை வாதி பின்னர் நிரப்பிக்கொண்டாரா?
2. வழக்குப் புரோநோட்டுக்குப் பிரதிபலனாகப் பணம் எதுவும் தரப்படவில்லை என்பது சரியா?
3. 5.3.2024 தேதியிட்ட வரவு பிரதிவாதி பணம் செலுத்தி ஒப்பமிட்டதா?
4. வழக்கு காலவரையறைக்கு உட்பட்டதா?
5. வாதிக்குக் கிடைக்கக்கூடிய பரிகாரம் என்ன?

முதல் மூன்றும் சங்கதி பற்றியவை. நான்காவது சட்டம் பற்றியது போலத் தோன்றினாலும் மூன்றாவதன் விடையைப் பொறுத்தே இருக்கிறது. முழுக்கச் சட்டத்தைப் பொறுத்ததாகவும், நீதிமன்றத்தின் அதிகாரத்தையோ சட்டத் தடையையோ பற்றியதாகவும் இருக்கும் எழுவினாவை மட்டும் விதி 2-இன்கீழ் முதலில் தனியாக எடுத்து முடிவு செய்யலாம். சங்கதி கலந்துவிட்ட இந்த நான்காவதை அப்படிப் பிரித்தெடுக்க வழியில்லை.

எழுவினாவும் நிரூபிக்கும் சுமையும்

எழுவினாவின் வாசகத்தில் கேள்வியோடு அதை நிரூபிக்க வேண்டியவர் யார் என்பதும் அடங்கியிருக்கிறது. பொதுவாக ஒரு சங்கதி உண்டென்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 1.7.2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. அந்த அடிப்படையில் மூன்றாம் எழுவினாவின் சுமை வாதியுடையது. வரவால்தான் வழக்கு உயிரோடிருக்கிறது என்று சொல்பவர் அவர்.

முதல் இரண்டும் வேறு மாதிரி. புரோநோட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது என்றாகிவிட்டால், அதற்குப் பிரதிபலன் உண்டு என்று செலாவணி ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அனுமானிக்கச் சொல்கிறது. முத்திரையிட்ட வெற்றுத் தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்தவர், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் மேலோட்டத்தில் கொடுத்தவராகிறார் என்கிறது 20-ஆம் பிரிவு. ஆகவே சுமை பிரதிவாதியின் பக்கம் சாய்கிறது. ஆனாலும் கையொப்பத்தை ஒப்புக்கொள்வதும் ஆவணத்தை எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்ற வாதம் இத்தகைய வழக்குகளில் தவறாமல் எழும். அதனால் கவனமான வாதி நோட்டை எழுதியவரையோ சாட்சிக் கையொப்பமிட்டவரையோ விசாரிக்காமல் விடமாட்டார்.

பிரதிவாதி கையொப்பமே தன்னுடையதல்ல என்று எழுதியிருந்தால் நிலைமை தலைகீழாகியிருக்கும். அப்போது “பிரதிவாதி வழக்குப் புரோநோட்டை எழுதிக் கொடுத்தாரா?” என்பதே முதல் எழுவினா. அதன் சுமை முழுக்க வாதியுடையது.

உரையில் இல்லாதது விசாரணையில் வந்தால்

குறுக்கு விசாரணையில் பிரதிவாதி, “2023-லேயே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிருரையில் அவர் சொன்னது பணமே வாங்கவில்லை என்பது. இந்தப் புதுக் கதைக்கு உரையில் இடமில்லை, எழுவினாவும் இல்லை. அதற்கு ரசீதே காட்டினாலும் நீதிமன்றம் பொதுவாக அதைக் கணக்கில் எடுக்காது. சென்னைப் பங்குத் தரகு நிறுவனமான ட்ரோஜன் அன்ட் கோவுக்கும் நாகப்பச் செட்டியாருக்கும் நடந்த வழக்கில், தரப்பினரின் உரைகளுக்கு வெளியே உள்ள காரணத்தை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது.

விட்டதைச் சேர்க்க வழியே இல்லை என்பதில்லை. கட்டளை 6 விதி 17-இன்கீழ் உரையைத் திருத்த அனுமதி கேட்கலாம். ஆனால் விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனம் எடுத்தும் அதற்கு முன்பு எழுப்ப முடியவில்லை என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். தான் பணம் கொடுத்தது பிரதிவாதிக்கு வழக்குப் போட்ட நாளிலேயே தெரிந்திருக்கும் என்பதால் நம் பிரதிவாதிக்கு அந்தக் கதவு அநேகமாக மூடியே இருக்கும்.

எழுவினா விட்டுப்போவது இவ்வளவு கடுமையான பிழையல்ல. தீர்ப்பாணைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் எழுவினாவைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் கட்டளை 14 விதி 5 அதிகாரம் தருகிறது. உரையில் சங்கதி இருந்து, இரு தரப்பும் அதை அறிந்து சாட்சியமும் அளித்துவிட்டால், எழுவினா இல்லாதது ஒன்றாலேயே விசாரணை செல்லாததாகிவிடாது. நெடுநூரி காமேஸ்வரம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். உரையில் விட்டதுதான் பெரும்பாலும் திரும்பாத இழப்பு.

ஒரே வழக்குக்கு இரண்டு முடிவுகள்

தீர்ப்பெழுதும் நீதிபதி ஒவ்வோர் எழுவினாவுக்கும் காரணத்தோடு விடை சொல்ல வேண்டும் என்கிறது கட்டளை 20 விதி 5. ஓர் எழுவினாவின் விடையே வழக்கை முடிக்கப் போதுமானதாக இருந்தால் மட்டும் மற்றவற்றை விடலாம். நம் வழக்கில் பிரதிவாதி சீட்டுப் புத்தகத்தையோ சீட்டில் சேர்ந்திருந்த வேறு ஒருவரையோ கொண்டுவரவில்லை. வாதி நோட்டை எழுதியவரை விசாரித்தார். முதல் இரண்டு எழுவினாக்கள் வாதிக்குச் சாதகமாகின்றன. 3,00,000 ரூபாய் கடன் உண்மை என்று நீதிமன்றமே சொல்கிறது.

மூன்றாவதில் வாதி சறுக்குகிறார். பின்புற வரவு எழுதப்பட்டபோது இருந்த யாரையும் அவர் விசாரிக்கவில்லை. கையொப்பத்தை நிபுணரிடம் அனுப்ப மனுப் போட்டாலும், வழக்குக்கு முந்தைய காலத்தில் பிரதிவாதி இட்ட, சண்டையில்லாத கையொப்பம் ஒன்றை ஒப்பிடக் கொடுக்க வேண்டும். எதிருரையிலும் வக்காலத்திலும் உள்ள கையொப்பங்கள் வழக்கு வந்தபின் இட்டவை என்பதால், மாற்றிப் போடப்பட்டிருக்கலாம் என்று அவற்றை நம்ப நீதிமன்றங்கள் தயங்கும். வாதி அந்த முயற்சியையே எடுக்கவில்லை. வரவு நிரூபிக்கப்படவில்லை என்று விடை வருகிறது. நான்காவதன் விடை அதைத் தொடர்ந்து தானாக வந்துவிடுகிறது. உண்மையான கடன் என்று முடிவான பிறகும் வழக்கு காலம் கடந்ததாகத் தள்ளுபடியாகிறது.

இப்போது எதிருரையில் ஐந்தாம் பத்திக்கு அந்த நழுவல் வாக்கியம் மட்டுமே இருந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கையொப்பம் மறுக்கப்படவில்லை. பணம் செலுத்தியதற்கான மறுப்பு நழுவலானது. விதி 5-இன்படி இரண்டும் ஒப்புக்கொள்ளப்பட்டவை. மூன்றாம் எழுவினாவுக்கு வேலை இல்லை. 5.3.2024-இலிருந்து மூன்று ஆண்டு 5.3.2027 வரை ஓடும் என்பதால் நான்காவதும் வாதிக்குச் சாதகம். அதே நோட்டு, அதே சாட்சிகள், ஆனால் 3,97,000 ரூபாய்க்குத் தீர்ப்பாணை. ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளும் சங்கதிக்கும் நிரூபணம் கேட்கும் அதிகாரம் விதி 5-இன் விலக்குரைப்படி நீதிபதிக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவது அவர் விருப்பத்தைப் பொறுத்தது, அதை நம்பி எதிருரை எழுத முடியாது.

ஆகவே எதிருரையின் வரைவு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். வழக்குரையின் ஒவ்வொரு பத்தியிலும் உள்ள நாள், தொகை, இடம், கையொப்பம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எதிருரையின் பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிரே எதுவும் எழுத முடியாமல் வெறுமையாக நிற்கும் வரி, வழக்கில் ஏற்கெனவே தோற்றுவிட்ட வரி.